படிவம் வந்தது இரவு 9:42, போன் போனது மறுநாள் மாலை 4:20

கோவையில் வீட்டு மாடிகளுக்கு சோலார் போட்டுத்தரும் ஒரு சிறு நிறுவனம், "விளம்பரத்துக்குப் பணம் கொட்டுகிறோம், வருகிற லீட் எல்லாம் குப்பை" என்று என்னைக் கூப்பிட்டது. விளம்பரத்தை நான் தொடவில்லை. ஒரே ஒரு லீடை, அதாவது சோலார் வேண்டும் என்று விசாரித்த ஒருவரின் விவரத்தை எடுத்து, அது போன வழியைத் தேடினேன்.

இரவு 9:42-க்கு ஒருவர் இணையதளத்தில் படிவம் நிரப்பியிருக்கிறார். அது பொது மின்னஞ்சலுக்குப் போனது. காலை 10:05-க்கு கணக்கு பார்க்கும் அம்மா அதைத் திறந்தார். 12:30-க்கு எக்செல்லில் ஏற்றினார். 1:15-க்கு விற்பனை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தப் பகுதி விற்பனைப் பையன் அப்போது யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் அளவெடுத்துக்கொண்டிருந்தான். இறங்கி, சாப்பிட்டு, கூப்பிட்டபோது மணி 4:20.

"எந்தக் கம்பெனி சார்? நான் நாலஞ்சு இடத்துல போட்டேன். ஒருத்தர் காலையிலேயே வந்து பாத்துட்டுப் போயிட்டாரே."

18 மணி நேரம் 38 நிமிடம். இதில் யாரும் சோம்பேறி இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்தார்கள். லீடுதான் மேசைக்கு மேசை காத்துக் கிடந்தது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2011-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வந்த ஆய்வு, 2,241 அமெரிக்க நிறுவனங்களுக்கு விசாரணை அனுப்பிப் பார்த்தது. 23 சதவீத நிறுவனங்கள் பதிலே சொல்லவில்லை. அதே கட்டுரை சொல்லும் இன்னொரு ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள முயன்ற நிறுவனங்கள், அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் முயன்றவற்றைவிட ஏறக்குறைய 7 மடங்கு அதிகமாக, உருப்படியான பேச்சுவரை போயின. வேகமாகக் கூப்பிடும் நிறுவனம் மற்ற வேலைகளிலும் ஒழுங்காக இருக்கும், அதனால் முழுப் பெருமையையும் வேகத்துக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் படிவம் நிரப்பிய நிமிடத்தில் அவர் கையில் போன் இருக்கிறது, மனதில் கரண்ட் பில் இருக்கிறது. அரை மணி நேரம் கழித்து இரண்டும் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

முதலில் மின்னஞ்சலை நடுவிலிருந்து எடுத்தோம். (அதைத் தோண்டும்போது இன்னொன்றும் கிடைத்தது: அனுப்புநர் முகவரியாக வாடிக்கையாளரின் சொந்த முகவரியையே படிவம் போட்டுக்கொண்டிருந்தது. ஜிமெயில் அதைப் போலி அஞ்சல் என்று நினைத்து, சிலவற்றை ஸ்பாமில் தள்ளியிருந்தது. உங்கள் ஸ்பாம் பெட்டியை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.) இப்போது படிவம் சமர்ப்பித்த உடனே அன்றைய முறைக்காரரின் போனில் சத்தமாக அறிவிப்பு அடிக்கும். 3 நிமிடத்தில் அவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும். அவரும் எடுக்காவிட்டால் முதலாளிக்கு. மாடி ஏறப் போகிறவர் அன்று முறையில் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதிக்குத்தான் நிறைய சண்டை நடந்தது.

தெரியாத எண் என்றால் இப்போது பலர் எடுப்பதில்லை. அதனால் முதலில் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி, உடனே அழைப்பு. "சோலார் பத்தி இப்பத்தான் கேட்டிருந்தீங்க, அதுக்குத்தான் கூப்பிடறேன்" என்று தொடங்கினால் எடுத்தவர் வைப்பதில்லை. அடுத்த கேள்வி, "ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடுது?" விலை அப்போது வேண்டாம். நம் வெயிலுக்கு 1 கிலோவாட், நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அவர் யூனிட்டைச் சொன்னதும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி, வீட்டுக்கு வர நாளும் நேரமும் வாங்கிவிட்டால் போதும்.

இரவு 9-க்கு மேல் ஆள் கூப்பிடுவதில்லை. தானாகப் போகும் செய்தி ஒன்று, "உங்கள் ஈபி பில்லின் படம் அனுப்புங்கள், காலை 9:15-க்கு அழைக்கிறோம்" என்கிறது. வெறும் "நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்" என்பதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. பில் படம் அனுப்பியவர் காலையில் நம் அழைப்புக்குக் காத்திருக்கிறார். ஆனால் 9:15 என்றால் 9:15-தான்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை பிரமாதமாக இருந்தது: சராசரி 2 நிமிடம். ஆனால் சைட் விசிட் எண்ணிக்கை அந்த அளவு ஏறவில்லை. அழைப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஒரு பையனின் அழைப்புகள் பல 4 வினாடி, 6 வினாடி. ஒரு ரிங் விட்டு வைத்துவிட்டு "தொடர்புகொண்டாயிற்று" என்று குறித்திருக்கிறான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. வேகத்தை மட்டும் அளந்தது நான். இப்போது 30 வினாடிக்கு மேல் பேசியிருந்தால்தான், அல்லது வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்திருந்தால்தான், தொடர்பு என்று கணக்கு. சராசரி பார்ப்பதையும் விட்டுவிட்டோம். 10 லீடில் எத்தனை பேரை 5 நிமிடத்துக்குள் பிடித்தோம் என்று மட்டும் தினமும் மாலை பலகையில் எழுதுகிறார்கள்.