முகவரியில் முளைக்கும் சின்னக் கட்டங்கள்: எழுத்துருவைத் திட்டாதீர்கள்

ஆயுத பூஜைக்குப் பிறகு இது மூன்றாவது ஆள். புதுச்சேரியில் கணினிப் பராமரிப்புத் தொழில் செய்யும் எனக்குத் தீபாவளி நெருங்கினால் அச்சுப்பொறி வேலைதான் அதிகம் வரும். இந்த ஆண்டு எக்செல் வேலை வரிசைகட்டி நிற்கிறது. மூவருக்கும் ஒரே நோய். மூவரும் ஒரே தவறான மருந்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்.

கடைசியாக வந்தவர் கடலூர் மஞ்சக்குப்பத்து முந்திரி வியாபாரி. தீபாவளிப் பரிசுப் பொட்டலங்கள் அனுப்ப, பில்லிங் மென்பொருளிலிருந்து நானூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர் முகவரிகளை எக்செலுக்கு மாற்றியிருக்கிறார். அவருடைய மேசையில் இருப்பது எக்செல் 2003. அதில் திறந்தால் முகவரியின் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு சின்னக் கட்டம். “தம்பி, தமிழ் எழுத்துரு ஏதோ போய்விட்டது” என்று தொலைபேசியில் சொன்னார். அதற்குள் கடைப் பையன் இணையத்திலிருந்து பதினொரு எழுத்துருக்களை இறக்கிப் போட்டிருந்தான்.

இந்த எழுத்துரு நம்பிக்கையை எப்படி ஒழிப்பது என்றே தெரியவில்லை. தமிழ்க் கணினி வளர்ந்த கதையால் வந்த பழக்கம் இது. திரையில் புரியாத எதைப் பார்த்தாலும் நமக்கு எழுத்துரு மேல்தான் சந்தேகம் போகிறது. கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கட்டம் வராது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் வரும். யூனிகோடு தமிழுக்கு எழுத்துரு இல்லையென்றால் கட்டம் வரும், ஆனால் சொல் முழுவதும் கட்டங்களாகத்தான் வரும். அந்த வியாபாரியின் கோப்பில் முகவரி முழுவதும் ஆங்கிலம். எழுத்துகள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. வரி முடியும் இடத்தில் மட்டும், வரிக்கு ஒன்றாக, கட்டம். எந்த எழுத்தும் காணாமல் போகவில்லை என்றால் எழுத்துரு மேல் என்ன குற்றம்?

அந்தக் கட்டம் வரி முறிவின் மிச்சம். தட்டச்சுப் பயிலகத்தில் லோயர் முடித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வரி முடிந்ததும் வண்டியை ஓரத்துக்குத் தள்ளுவது ஒரு வேலை, தாளை ஒரு வரி மேலே ஏற்றுவது இன்னொரு வேலை. கணினியும் இரண்டுக்கும் தனித்தனிக் குறி வைத்திருக்கிறது. வண்டி திரும்புவதற்கு எண் 13, தாள் ஏறுவதற்கு எண் 10. விண்டோஸ் உரைக் கோப்புகளில் இரண்டும் சேர்ந்தே வரும். எக்செல் செல்லுக்குள் Alt+Enter அடித்தால் விழுவது 10 மட்டும். வெளி மென்பொருள் 13ஐயும் சேர்த்து அனுப்பும்போது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் எக்செல் 2003 கட்டமாகக் காட்டுகிறது. புதிய எக்செல் அதைக் கண்ணில் காட்டாமல் மறைத்துவிடுகிறது. மறைந்தது என்றால் போய்விட்டது என்று பொருள் இல்லை, உள்ளேதான் உட்கார்ந்திருக்கும். சில கோப்புகளில் `_x000D_` என்று நீளமாக ஒன்று தெரியுமே, அதுவும் இதே 13தான்.

கடையில் நடந்த உண்மையான சேதத்துக்குக் காரணம் கட்டம் இல்லை. கட்டத்தை அழிக்க CLEAN போடு என்று யாரோ பையனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். CLEAN 0 முதல் 31 வரையுள்ள எல்லாக் குறிகளையும் துடைத்துவிடும். 13 போகும், கூடவே உங்களுக்குத் தேவையான 10ம் போகும், அந்த இடத்தில் ஒரு இடைவெளிகூட மிஞ்சாது. புதுச்சேரி வாடிக்கையாளர் ஒருவரின் முகவரி மூன்று வரிகளில் இப்படி இருந்தது:

```
No.12
3rd Cross
Rainbow Nagar
```

CLEAN முடித்த பிறகு:

```
No.123rd CrossRainbow Nagar
```

கதவு எண் 12, மூன்றாவது குறுக்குத் தெரு என்பது நூற்று இருபத்து மூன்றாவது குறுக்குத் தெருவாகிவிட்டது. கட்டம் போய்விட்டது என்ற மகிழ்ச்சியில் பையன் விடைகளை மூல நெடுவரிசையின் மேலேயே ஒட்டி, கோப்பைச் சேமித்தும் விட்டான். எங்கே வரி முறிந்தது என்பதை இனி அந்தக் கோப்பிலிருந்து யாராலும் எடுக்க முடியாது. மறுபடி பில்லிங் மென்பொருளிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அதில் விவரம் பத்திரமாக இருந்தது அவருடைய நல்ல நேரம்.

எதையும் அழிப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பக்கத்துச் செல்லில் `=LEN(A2)` போடுங்கள். மேலே உள்ள முகவரியில் கண்ணுக்குத் தெரியும் எழுத்து, எண், இடைவெளி எல்லாம் சேர்த்து 27. இரண்டு இடங்களில் வரி முறிகிறது. விடை 31 என்றால் ஒவ்வொரு முறிவிலும் 13, 10 இரண்டும் இருக்கின்றன. 29 என்றால் ஏதோ ஒன்றுதான் இருக்கிறது. எது என்று பார்க்க, ஐந்து எழுத்துள்ள முதல் வரி முடிந்த பிறகு வரும் ஆறாவது குறியைக் கேளுங்கள்:

```
=CODE(MID(A2,6,1))
```

10 என்று வந்தால் உங்கள் தரவில் ஒரு கோளாறும் இல்லை. Wrap Text பொத்தானை அழுத்தாமல் விட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இதற்காகவே கும்பகோணத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்தார்; பயணச் செலவை நினைத்து நான் கூலி வாங்கவில்லை. 13 என்று வந்தால், வரிகள் ஒட்டிக்கொண்டு தெரிந்தாலும் முறிவு உயிரோடு இருக்கிறது. LEN விடையே 27 என்று வந்தால் முறிவு ஏற்கெனவே தொலைந்துவிட்டது. அதற்கு எக்செலில் வைத்தியம் கிடையாது. மூல மென்பொருளுக்குத் திரும்பிப் போங்கள்.

13 இருக்கும் கோப்புக்கு நான் போடுவது இதைத்தான்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(A2,CHAR(13)&CHAR(10),CHAR(10)),CHAR(13),CHAR(10))
```

உள்ளே இருக்கும் பகுதி 13, 10 ஜோடியை ஒற்றை 10 ஆக்குகிறது. வெளிப் பகுதி தனியாக நிற்கும் 13ஐ 10 ஆக்குகிறது. வரிசை முக்கியம். ஜோடியை முதலில் கவனிக்காமல் எல்லா 13ஐயும் 10 ஆக்கினால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு வெற்று வரி விழும். சூத்திரத்தின் விடைக்கு Wrap Text தானாக வராது, நீங்கள்தான் போட வேண்டும். கூரியர்காரர் ஒரே வரியில் முகவரி கேட்டால், இதன் விடையில் இருக்கும் `CHAR(10)` இடத்தில் காற்புள்ளியும் இடைவெளியும் வருமாறு இன்னொரு SUBSTITUTE போடுங்கள். CLEAN பக்கம் போகாதீர்கள். TRIM இங்கே உதவாது, அது இடைவெளியை மட்டுமே பார்க்கும்.

சிஎஸ்வி கோப்பாக எடுப்பவர்களுக்கு வேறொரு விபத்து காத்திருக்கிறது. முகவரியைச் சுற்றி இரட்டை மேற்கோள் இல்லையென்றால் ஒவ்வொரு முறிவிலும் முகவரி அடுத்த வரிசைக்கு இறங்கிவிடும். மென்பொருள் காட்டும் வாடிக்கையாளர் எண்ணிக்கையைவிட எக்செலில் வரிசைகள் அதிகமாக இருந்தால் இதுதான் காரணம். கையால் மேலே தூக்கி ஒட்ட ஆரம்பிக்காதீர்கள், மேற்கோளோடு மறுபடி எடுங்கள்.

மூல நெடுவரிசையை மட்டும் தொடாதீர்கள். பக்கத்தில் புதிய நெடுவரிசை போடுங்கள், அதில் சூத்திரம் எழுதுங்கள், பத்து முகவரிகளைக் கண்ணால் ஒப்பிடுங்கள், ஒரே ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள். கடைசிப் பொட்டலம் கிளம்பும்வரை பழையது அங்கேயே இருக்கட்டும். மஞ்சக்குப்பத்துப் பையன் இப்போது அப்படித்தான் செய்கிறான். அந்தப் பதினொரு எழுத்துருக்களை என்ன செய்வது என்று மட்டும் நேற்று தொலைபேசியில் கேட்டான்.