பல்பின் மேல் காகிதம் ஒட்டாதீர்கள்

தேவிபட்டினத்துப் பக்கத்து மகளிர் குழு ஒன்று மிளகாய்ப் பொட்டலம் போட்டு விற்கிறது. கடந்த வாரம் அந்தக் குழுவின் தலைவி ஒரு தெர்மாகோல் பெட்டியை என் ஸ்டுடியோ மேசையில் கொண்டுவந்து வைத்தார். மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்பும் அதே பெட்டி. மேல்பக்கத்தில் ஒரு கையளவுக்கு உருகிக் குழிந்திருந்தது. முன்னால் ஒட்டியிருந்த பட்டர் பேப்பரின் நடுப்பகுதி தோசைக்கருகலாய்ப் பழுப்பேறி இருந்தது. உள்ளே 100 வாட் குண்டு பல்பு. மிளகாயை மென்மையான ஒளியில் படமெடுக்க அவரே செய்த விளக்குப் பெட்டி அது.

“வீடியோவில் இப்படித்தான் தம்பி செய்தார்கள். படமும் நன்றாக வரவில்லை, பெட்டியும் போய்விட்டது” என்றார். வீடு போகாமல் பெட்டியோடு நின்றதே என்று நான் நினைத்துக்கொண்டேன். இதே போன்ற பெட்டிகள், மண்டபம் பக்கத்துச் சங்கு வியாபாரியிடமிருந்து, கருவாடு விற்கும் தம்பியிடமிருந்து, ஊர்ப் பெரியவர்களைப் பேட்டி எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து என்று வந்துகொண்டே இருக்கின்றன. வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

முதலில் தெர்மாகோல். கொதிக்கும் நீரின் சூட்டை நெருங்கினாலே அது இளகிவிடும். தீப்பிடித்தால் கரும்புகையோடு உருகிச் சொட்டும். குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது. ஹாலஜனும் ஏறக்குறைய அப்படித்தான். இந்த இரண்டையும் எந்தப் பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள். அட்டைப்பெட்டி ஆனாலும் கூடாது, ஐந்து நிமிடம் என்றாலும் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்ததுதான் எனக்கு எரிச்சல் மூட்டுவது. பல்பின் மேல் காகிதத்தையோ துணியையோ ஒட்டினால் ஒளி மென்மையாகிவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஆகாது. கண்ணுக்குக் கூச்சம் குறையும், வெளிச்சமும் குறையும், நிழலின் ஓரம் மட்டும் கத்திபோல் அப்படியே இருக்கும். ஒளியை மென்மையாக்குவது காகிதம் அல்ல. பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒளிரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் மென்மையைத் தீர்மானிக்கிறது. பல்பு 6 சென்டிமீட்டர் அகலம் என்றால், அதன் மேல் ஒட்டிய காகிதமும் 6 சென்டிமீட்டர்தானே? காகிதத்தை மாற்றி மாற்றி ஒட்டினாலும் அளவு மாறாது.

நம்பாவிட்டால் பாம்பன் கடற்கரையில் உச்சி வெயிலில் நின்று பாருங்கள். சூரியனைவிடப் பெரிய விளக்கு கிடையாது. ஆனால் அது இருக்கும் தொலைவில் வானத்தில் ஒரு சிறு வட்டமாகத்தான் தெரிகிறது; அதனால் உங்கள் நிழல் மணலில் வெட்டி வைத்ததுபோல் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் முழுக்க மேகம் மூடியிருக்கும் நாளில் அதே இடத்தில் நின்றால் நிழலைத் தேட வேண்டியிருக்கும். அப்போது உங்களுக்கு ஒளி தருவது வானம் முழுவதும். வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் இதுதான்: சிறிய பல்பின் ஒளியை ஒரு பெரிய வெள்ளைப் பரப்பு முழுவதிலும் பரவவிட்டு, அந்தப் பரப்பைப் பொருளுக்கு அருகில் கொண்டுவருவது.

அருகில் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். 60 சென்டிமீட்டர் அகலப் பெட்டியைப் பொருளிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தால் ஒளி மென்மையாக விழும். அதே பெட்டியை மூன்று மீட்டர் தள்ளி மூலையில் நிறுத்தினால் அது 12 சென்டிமீட்டர் விளக்கை அருகில் வைத்ததற்குச் சமம். இவ்வளவு பாடுபட்டுப் பெட்டி செய்தவர்களில் பாதிப் பேர் அதைச் சுவரோரம் நிறுத்திவிட்டு “அண்ணே, இது வேலை செய்யவில்லை” என்று போன் செய்கிறார்கள்.

அந்த அக்காவின் மிளகாய்க்கு வருகிறேன். நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. உருண்டை வடிவம், பளபளக்கும் தோல், அடர் சிவப்பு, இதைப் பார்த்துத்தான் வாங்குகிறவர் வாங்குகிறார். அக்கா எடுத்திருந்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மிளகாயின் முதுகிலும் சுண்ணாம்புத் துளி தெறித்ததுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி. குவியல் முழுக்கப் புள்ளிகள். அந்தப் புள்ளி வேறொன்றுமில்லை, பல்பின் பிரதிபலிப்பு. பளபளப்பான பொருள் எதுவானாலும் உங்கள் விளக்கின் உருவத்தை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். விளக்கு பெரிதானால் அந்தப் புள்ளி விரிந்து, தோலின் வளைவைக் காட்டும் மங்கலான மினுமினுப்பாக மாறும். சங்கு, சிப்பி, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சரி, பெட்டி. பெரிய அட்டைப்பெட்டி ஒன்று போதும். திறந்த முகம் ஏறக்குறைய 60-க்கு 60 சென்டிமீட்டர், ஆழம் 50-க்குக் குறையாமல் இருக்கட்டும். உட்புறம் முழுவதும் வெள்ளைச் சார்ட் ஒட்டுங்கள். எல்லோரும் அலுமினியத் தாள் ஒட்டச் சொல்கிறார்கள். ஒளி சற்றுக் கூடும் என்பது உண்மை. ஆனால் அலுமினியத் தாள் மின்சாரம் கடத்தும். ஹோல்டர் முனையில் அதன் ஓரம் உரசினால் பெட்டியின் உட்புறம் முழுவதும் மின்சாரம் பாயும். ஈரக்காற்றும் உப்பும் உள்ள ஊரில் இந்த விளையாட்டு எதற்கு? சார்ட்டே போதும். ஒளியும் அதில்தான் சீராகப் பரவுகிறது.

ஒரு மரப்பலகையில் நான்கு பேட்டன் ஹோல்டர்களை இரண்டுக்கு இரண்டாக, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் திருகி, பலகையைப் பெட்டியின் பின்சுவரில் பொருத்துங்கள். ஹோல்டரை அட்டையிலேயே திருகினால் கொஞ்ச நாளில் கழன்று தொங்கும். வயரிங் தெரியாதவர்கள் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவருக்கு அது அரை மணி நேர வேலை. நான்கிலும் 9 வாட் எல்.இ.டி. பல்பு, ஒரே கம்பெனி, ஒரே நிறம். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்று வீட்டில் கிடைத்ததை மாட்டினால் அந்த நிறத்தை எந்த ஆப்பாலும் சரிசெய்ய முடியாது. பல்பு வரும் உறையின் மேல் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை அந்த பல்பு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 90-க்கு மேல் கிடைத்தால் வாங்குங்கள். 80 உள்ள சாதாரண பல்பில் மற்ற நிறங்கள் சமாளிக்கும், அடர் சிவப்பு மட்டும் செத்துப்போய்ப் பழுப்படிக்கும். மிளகாய் விற்கிறவருக்கு அது நஷ்டம்.

எல்.இ.டி.யும் சூடாகும், கழுத்துப் பகுதியில். அதனால் பெட்டியின் மேல்பக்கத்திலும் பின்பக்கத்திலும் விரல் நுழையும் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு துளைகள் போட்டுவிடுங்கள். இருபது நிமிடம் எரியவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கியபின் மேற்சுவரின் உட்புறத்தில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் துளைகள் போதவில்லை.

பெட்டியின் திறந்த முகத்தை மூடப் பழைய வெள்ளை வேட்டிதான் என் தேர்வு. நீலம் போட்டு வெளுத்த வேட்டி வேண்டாம், படத்தில் நீலம் தட்டும். வெளுக்காத காடாத் துணியும் வேண்டாம், அது மஞ்சளடிக்கும். நன்றாகத் துவைத்துச் சாயமேறாத ஒற்றை மடிப்பு வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். பல்பின் நுனிக்கும் துணிக்கும் நடுவில் 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பல்பு துணியை ஒட்டி இருந்தால் நடுவில் ஒரு வட்டம் மட்டும் ஒளிரும், ஓரங்கள் இருட்டாகவே கிடக்கும். பெட்டி 60 சென்டிமீட்டராக இருந்தாலும் உங்கள் விளக்கு அந்த வட்டம் மட்டும்தான். சோதிப்பது எளிது: போன் கேமராவில் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, பெட்டியின் முகத்தையே படமெடுங்கள். நான்கு பூக்களாகத் தெரிந்தால் பல்புக்கும் முகத்துணிக்கும் பாதி வழியில் இன்னொரு துணி கட்டுங்கள். வெளிச்சம் கணிசமாகக் குறையும். போனை ஸ்டாண்டில் வைத்து எடுங்கள். மிளகாய் எங்கும் ஓடிவிடாது.

அக்காவின் குவியலை அவர் கண்முன்னே இப்படி எடுத்தேன். பெட்டி இடப்பக்கம், சற்றே பின்னால் தள்ளி, மேலிருந்து சாய்வாக, இரண்டு முழத்துக்கும் குறைவான தொலைவில். வலப்பக்கம் நிழலைத் தூக்கிவிட அவருடைய உருகிய பெட்டியின் மூடியையே நிறுத்திவைத்தேன். தெர்மாகோலுக்கு உரிய வேலை இதுதான்: பல்பில்லாமல், வெளியே நின்று ஒளியைத் திருப்பித் தருவது. அறையின் டியூப்லைட்டை அணைத்தாயிற்று, ஜன்னலும் மூடியாயிற்று. புள்ளிகள் போய்க் காம்பின் சுருக்கம் தெரிந்தது.

பேட்டிக்கும் இதே பெட்டி போதும், ஒருவர் முகத்துக்கு மட்டும். இரண்டு பேரை உட்காரவைத்து ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு என்னைத் திட்டாதீர்கள். பேசுபவரின் கண்மட்டத்துக்குச் சற்று மேலே, முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், படச்சட்டத்துக்குள் தெரியாத அளவுக்கு எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்குங்கள். கண்ணாடி அணிந்தவர் என்றால், கண்ணாடியில் தெரியும் வெள்ளைச் சதுரம் விலகும் வரை பெட்டியை உயர்த்துங்கள். வீடியோவில் கருப்புப் பட்டைகள் ஊர்ந்தால் பல்பைச் சபிக்க வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள்.

தயவுசெய்து இதை வெளியே கொண்டுபோகாதீர்கள். கடலோரக் காற்றுக்கு இந்தப் பெட்டி ஒரு படகுப் பாய். தங்கச்சிமடத்துத் திண்ணையில் பேட்டி எடுத்த பிள்ளைகளின் பெட்டி, பேசிக்கொண்டிருந்த பாட்டியின் மடியில் விழுந்தது. அட்டை என்பதால் அவருக்கு அடிபடவில்லை, பல்பு உடைந்தது. வீட்டுக்குள்ளும் ஸ்டாண்டின் காலில் மணல் நிரப்பிய அரிசிச் சாக்கு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். மணலுக்கா இங்கே பஞ்சம்?

வேலை முடிந்ததும் பல்புகளைக் கழற்றி, வேட்டியை அவிழ்த்து, பெட்டியைத் தரையில் போடாமல் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹோல்டர்களுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளை முனைகளில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிச் சரிசெய்யாதீர்கள், ஹோல்டரை மாற்றுங்கள்.