நத்தைக் காய்ச்சல் அல்ல, இரத்தத் தட்டைப்புழு நோய்

சிஸ்டோசோமியாசிஸ் என்ற புழு நோயின் பெயர் வரும் இடமெல்லாம் தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் 'நத்தைக் காய்ச்சல்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ஸ்நெயில் ஃபீவர் என்று ஆங்கிலத்தில் ஒரு செல்லப் பெயர் உண்டு, அதை இறக்கி வைத்ததுதான் இது. சொல் அழகாகத்தான் இருக்கிறது, நாக்கில் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அதைப் படித்தவர் நத்தையைத் தொட்டால் வரும், நத்தை கடித்தால் வரும், நத்தைக் கறி சாப்பிட்டால் வரும் என்று தோன்றியதை எல்லாம் நினைத்துக்கொள்கிறார். மூலத்துக்கு நல்லது என்று வயல் நத்தையைச் சமைக்கிற ஊர்க்காரர்கள் நாம், அதனால் கறிக்குத்தான் முதலில் பயம் வரும். மூன்றும் தவறு.

முதலில் சொல்லின் வேரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கிரேக்கத்தில் சிஸ்டோஸ் என்றால் பிளந்தது, சோமா என்றால் உடல். 1851இல் கெய்ரோவின் கஸ்ர் அல் அய்னி மருத்துவமனையில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் ஒரு பிணத்தை அறுத்துப் பார்த்தபோது, கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரையில் வெள்ளைப் புழுக்கள் கிடந்தன. ஆண் புழுவின் உடம்பு நெடுக ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் நூல் மாதிரி மெலிந்த பெண் புழு. அந்தப் பள்ளத்தைப் பிளவாக எண்ணி 1858இல் வைன்லாண்ட் என்ற விலங்கியலாளர் சிஸ்டோசோமா என்று பெயர் வைத்தார். எகிப்தில் இன்றும் மக்கள் சொல்வது பில்ஹார்ஸின் பெயரில் வந்த 'பில்ஹார்சியா'தான். அவ்வளவுதான் வேர்.

இந்த வேரைப் பிடித்துக்கொண்டு 'பிளவுடலி நோய்' என்று ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். தனித்தமிழ் என்ற வகையில் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உண்மையில் புழு பிளந்தும் இல்லை, ஓரங்கள் மடிந்து பள்ளமாகி இருக்கிறது. 170 வருடத்துக்கு முந்தைய ஒரு விலங்கியலாளரின் வர்ணனையைத் தமிழில் பெயர்த்து வைப்பதால் நோயைப் பற்றி யாருக்கும் ஒரு செய்தியும் கிடைக்காது. இதை விட்டுவிடலாம், யாரும் புழங்கவும் இல்லை. என் சண்டை நத்தைக் காய்ச்சலோடுதான், ஏனென்றால் அது புழங்குகிறது.

நத்தை இந்த நோயில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நைல் கழிமுகத்தில் ஒரு வாய்க்கால். நோயுள்ள ஒருவர் அதில் சிறுநீர் கழிக்கிறார், அல்லது கரையில் மலம் கழித்தது தண்ணீரில் அடித்துப்போகிறது. அதில் புழுவின் முட்டை இருக்கிறது. நன்னீர் பட்டதும் முட்டை பொரிந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு குஞ்சு வெளியே வந்து நீந்துகிறது. அதற்கு மிராசிடியம் என்று பெயர். அது மனிதரை ஒன்றும் செய்யாது, தனக்கு ஏற்ற நத்தை கிடைக்காவிட்டால் சீக்கிரமே செத்துவிடும். எல்லா நத்தையும் ஏற்காது. சிறுநீர்ப்பையைத் தாக்கும் இனத்துக்கு புலினஸ் என்ற நத்தை, குடலையும் கல்லீரலையும் தாக்கும் மேன்சோனி இனத்துக்கு பயோம்ஃபலேரியா என்ற நத்தை. நத்தைக்குள் போன ஒரே ஒரு குஞ்சு சில வாரங்களில் ஆயிரக்கணக்காகப் பெருகி, செர்காரியா என்ற வேறு வடிவமாகத் தண்ணீருக்குள் வருகிறது. வெயில் ஏறும் நேரத்தில்தான் நிறைய வரும், பிள்ளைகள் வாய்க்காலில் குதிக்கும் நேரமும் அதுதான்.

கெர்கோஸ் என்றால் கிரேக்கத்தில் வால். நுனி கவட்டை போலப் பிரிந்த வாலோடு நீந்துவதால் இதை வால்புழு என்றே சொல்லலாம், ஏன் யாரும் சொல்வதில்லையோ தெரியவில்லை. இது தோலில் உள்ள கொழுப்பின் வாசனையை அறிந்து ஒட்டிக்கொள்கிறது. தலையில் உள்ள சுரப்பிகளிலிருந்து புரதத்தைக் கரைக்கும் நொதியை விட்டு, தோலின் மேலடுக்கைக் கரைத்துக்கொண்டே உள்ளே நுழைகிறது. வால் வெளியே உதிர்ந்துவிடும். சில நிமிட வேலை. புண் இருக்க வேண்டியதில்லை, தண்ணீரைக் குடிக்க வேண்டியதில்லை, கணுக்கால் நனைந்தாலே போதும். சிலருக்கு அந்த இடத்தில் கொஞ்சம் அரிக்கும், பலருக்கு அதுவும் தெரியாது.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொரு தவறையும் சேர்க்கிறார்கள். மிராசிடியத்துக்கும் 'லார்வா', செர்காரியாவுக்கும் 'லார்வா' என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, 'முட்டையிலிருந்து வரும் லார்வா தோலைத் துளைத்து உடலுக்குள் செல்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் இது ஒரு பழைய அறிவியல் கோட்பாடு, தோற்றுப்போனது. கெய்ரோவில் இருந்த ஆர்தர் லூஸ் என்ற ஒட்டுண்ணி அறிஞர் கொக்கிப்புழு தோல் வழியே நுழைவதைக் கண்டுபிடித்தவர். அந்த நம்பிக்கையில் பில்ஹார்சியாவிலும் முட்டைக் குஞ்சு நேராக மனிதத் தோலுக்குள் போகிறது, நடுவில் வேறு உயிர் எதுவும் வேண்டாம் என்று விடாமல் சொன்னார். அவர் பெயருக்கு இருந்த மரியாதையில் அது நின்றது. 1913இல் ஜப்பானில் மியாயிரியும் சுசுகியும் அங்குள்ள இனத்துக்கு நத்தை வேண்டும் என்று காட்டினார்கள். 1915இல் ராபர்ட் லைப்பர் எகிப்துக்குப் போய், வாய்க்கால் நத்தைகளைப் பிடித்து, அவற்றிலிருந்து வந்த வால்புழுக்களைக் கொண்டு விலங்குகளுக்கு நோயை உண்டாக்கிக் காட்டினார். எந்த நத்தைக்கு எந்த இனம் என்றும் பிரித்தார். லூஸின் கோட்பாடு அத்தோடு முடிந்தது, தமிழில் மட்டும் ஒரு 'லார்வா' அதைப் பிழைக்க வைத்திருக்கிறது.

ஆக, நத்தை ஒரு இடைத்தங்கல்தான். அதைப் பெயரில் வைப்பதே தவறு என்று சொல்லவில்லை, நத்தை இல்லாமல் நோய் பரவாது என்பது பெரிய விஷயம்தான். ஆனால் இந்தத் தர்க்கத்தில் மலேரியாவுக்குக் கொசுக் காய்ச்சல் என்றுதான் பெயர் வைக்க வேண்டும். அங்கேயாவது கொசு கடிக்கிறது, இங்கே நத்தை நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சரி, 'காய்ச்சல்' என்பதாவது பொருந்துகிறதா? தொற்றிய சில வாரங்களில் காய்ச்சல், இருமல், தடிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, ஜப்பானிய ஊர் ஒன்றின் பெயரால் கதயாமா காய்ச்சல் என்பார்கள். அது பெரும்பாலும் வெளியூரிலிருந்து புதிதாக வந்து குளித்தவர்களுக்கு வருவது. நோய் மண்டிய ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாமலே போய்விடும். அவனுக்கு நோய் என்பது காய்ச்சல் இல்லாமல் வருடக்கணக்கில் நடப்பது. காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டால், காய்ச்சல் இல்லையே, அப்படியானால் இது இல்லை என்றுதானே நினைப்பான்?

நடப்பது இதுதான். உள்ளே போன இளம்புழு நுரையீரல் வழியாகக் கல்லீரலுக்குப் போகும் சிரையை அடைந்து வளர்ந்து, ஜோடி சேர்ந்து, இனத்துக்கு ஏற்பச் சிறுநீர்ப்பையைச் சுற்றியோ குடலைச் சுற்றியோ உள்ள சிரைகளில் குடியேறுகிறது. வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். பெண் புழு தினமும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும் (இனத்துக்கு இனம் எண்ணிக்கை மாறும்), அதில் ஏறக்குறைய பாதிதான் வெளியே வருகிறது. மீதி திசுவில் மாட்டிக்கொள்கிறது. உடம்பு அந்த ஒவ்வொரு முட்டையையும் வளைத்துக் கட்டியாக்குகிறது, கட்டி தழும்பாகிறது. சேதம் செய்வது புழு அல்ல, முட்டையும் முட்டைக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பும்தான்.

சிறுநீர்ப்பையில் இது நடந்தால் சிறுநீர் கழிக்கும்போது கடைசிச் சொட்டுகளில் இரத்தம் வரும். எகிப்தில் ஒரு காலத்தில் பையன்களுக்கு இது வருவதை வயசுக்கு வருவதன் அடையாளமாகவே நினைத்தார்கள். பரிசோதனைக்குச் சிறுநீரைக் காலை 10 மணியிலிருந்து பகல் 2 மணிக்குள் கேட்பார்கள், அப்போதுதான் முட்டை அதிகம் வெளியே வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டையின் ஒரு முனையில் கூரான முள் இருக்கும். மேன்சோனி இனத்தின் முட்டையில் அந்த முள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும், அதை மலத்தில் தேட வேண்டும். கவனிக்காமல் விட்டால் பையின் சுவர் தழும்பேறி, சுண்ணாம்பு படிந்து, சுருங்கிப்போகும். சிறுநீர்க்குழாய் அடைபட்டுச் சிறுநீரகம் வீங்கும். கடைசியில் புற்றுநோய் வரை போகலாம். 1910இல் ரஃபர் என்ற ஆய்வாளர் எகிப்திய மம்மிகளின் சிறுநீரகத்தில் இதே முட்டைகளைக் கண்டிருக்கிறார், அவ்வளவு பழைய நோய்.

கல்லீரல் கதை வேறு. மேன்சோனி முட்டைகள் இரத்தத்தோடு அடித்துப்போய்க் கல்லீரலின் சின்னச் சிரைகளில் அடைத்துக்கொள்கின்றன. சிரையைச் சுற்றித் தழும்பு தடித்து வளர்கிறது. 1904இல் கெய்ரோவில் சிம்மர்ஸ் என்ற மருத்துவர் பிணங்களை அறுத்துப் பார்த்தபோது, வெள்ளைக் களிமண் புகைக்குழாயின் தண்டுகளைக் கல்லீரலில் குத்தி வைத்த மாதிரி இருந்தது என்று எழுதினார். இதை நம்மவர்கள் 'கல்லீரல் சிரோசிஸ்' என்று மொழிபெயர்ப்பது அடுத்த தவறு. சிரோசிஸில் கல்லீரல் செல்களே கெடுகின்றன. இதில் செல்கள் வெகுநாள் ஒழுங்காக வேலை செய்யும், அடைபடுவது இரத்த வழிதான். வழி அடைபட்டதால் மண்ணீரல் பெரிதாகும், உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து ஒருநாள் வெடிக்கும். நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று இரத்த வாந்தி எடுப்பது இப்படித்தான்.

அப்படியானால் தமிழில் என்ன பெயர்? என் ஓட்டு 'இரத்தத் தட்டைப்புழு நோய்'க்கு. தட்டைப்புழு என்பது பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது, அது இருக்கும் இடம் இரத்தக் குழாய். சீனர்கள் இரத்தம் உறிஞ்சும் புழு நோய் என்கிற பொருளில்தான் சொல்கிறார்கள், அவர்களுக்கு நத்தை தெரியாமல் இல்லை. வெறும் 'இரத்தப்புழு' என்று சுருக்கக் கூடாது, மீனுக்குப் போடுகிற சிவப்புப் புழுவுக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் ஓடுகிறது. குருதி என்று போட்டால்தான் தமிழ் என்பவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும், பொருள் மாறாது. ஆனால் மருத்துவமனையில் யாரும் குருதிப் பரிசோதனைக்குப் போகிறேன் என்று சொல்லிக் கேட்டதில்லை. முட்டைதான் குற்றவாளி என்பது இந்தப் பெயரிலும் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். பெயர் முழுக் கட்டுரையையும் சுமக்க வேண்டியதில்லை, தவறான பக்கம் கையைக் காட்டாமல் இருந்தால் போதும். முதல் முறை எழுதும்போது பக்கத்தில் பில்ஹார்சியா என்றும் போட்டுவிடுங்கள், ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகும் நம் ஆட்களுக்கு அங்கே காதில் விழும் பெயர் அது.

அவர்களுக்கான துண்டறிக்கையில் 'நத்தைகளைத் தவிர்க்கவும்' என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஆற்றிலும் ஏரியிலும் வாய்க்காலிலும் இறங்காதீர்கள், நத்தை கண்ணில் படாவிட்டாலும் இறங்காதீர்கள் என்று எழுதுங்கள். அந்தத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும் என்றால் நத்தை புகாத தொட்டியில் இரண்டு நாள் நிறுத்தி வைத்துக் குளிக்கலாம், வால்புழு அதற்குள் செத்துவிடும். குளித்ததும் துண்டால் அழுத்தித் துடைத்தால் ஓரளவு உதவலாம், அதை நம்பி இறங்க முடியாது. ஏற்கெனவே இறங்கிவிட்டவர் ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது எந்த நத்தையைப் பார்த்தேன் என்பதை அல்ல, எந்த ஏரியில் எப்போது கால் வைத்தேன் என்பதை. நாள் முக்கியம், ஏனென்றால் பிராசிகுவான்டல் மாத்திரை வளர்ந்த புழுவைத்தான் நன்றாகக் கொல்லும், இறங்கின மறுநாளே விழுங்கினால் பயன் இருக்காது.