‘தைராய்டு கூடிப்போச்சு’ என்றால் எது கூடிப்போச்சு?

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "உங்க வீட்டம்மாவுக்கு தைராய்டு கூடவா, கம்மியா?" இதே கேள்வி இந்த வருடம் எத்தனை முறை என் காதில் விழுந்தது என்று எண்ணவில்லை, ஆனால் அன்றைக்கு ரசம் இறங்கவில்லை. தைராய்டு என்பது கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பி. அது எல்லோருக்கும் ஒன்றுதான். கூடுவதும் குறைவதும் அது சுரக்கும் ஹார்மோன்.

சொல்லின் கதையைச் சட்டென்று சொல்லி முடித்துவிடுகிறேன். கிரேக்கத்தில் ‘தைரா’ என்றால் கதவு, ‘தைரியோஸ்’ என்றால் கதவு போல நீண்ட கேடயம். குரல்வளையின் முன்னால் இருக்கும் குருத்தெலும்புக்கு அந்த வடிவத்தை வைத்துப் பெயர் வந்தது. 1656இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், அதை ஒட்டியிருந்த சுரப்பிக்கும் அதே பெயரை வைத்தார். ஆகக் கேடயம் போல இருப்பது பக்கத்து வீட்டு எலும்பு. சுரப்பி இருப்பது பட்டாம்பூச்சி போல.

நம் கலைச்சொல் ஆசிரியர்கள் சிலர் இதைக் ‘கேடயச் சுரப்பி’ ஆக்கி, அதன் மேல் ‘கேடயச் சுரப்பி மிகை இயக்கம்’ என்று அடுக்கு கட்டுகிறார்கள். எனக்கும் தமிழ்ச் சொல் மேல் ஆசை உண்டு. ஆனால் வடிவத்தைச் சொல்வதுதான் நோக்கம் என்றால் இந்தச் சொல் வடிவத்தையே தப்பாகச் சொல்கிறது. தவிர, ஆய்வகத்துச் சீட்டில் தைராய்டு என்றுதான் அச்சடித்திருக்கும். சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு உதவாத சொல் எவ்வளவு தூயதாக இருந்து என்ன பயன்? ‘அதிதைராய்டியம்’ என்று இன்னொன்று. ‘அதி’ வடமொழி, ‘இயம்’ ஆங்கில வாலுக்குத் தமிழ்ச் சட்டை, நடுவில் கிரேக்கம். இதற்கு ‘ஹைப்பர் தைராய்டிசம்’ என்றே எழுதிவிடலாம், என்ன, ஹைப்பரையும் ஹைப்போவையும் நம் காது பிரித்துக் கேட்காது. எதிரெதிரான இரண்டு நோய்களுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!

இவற்றையெல்லாம் கூட மன்னிக்கலாம். ‘தைராய்டு கம்மி’ என்ற பேச்சுதான் ஆளையே சாய்க்கக்கூடியது, என் அண்ணி விஷயத்தில் அதை நேரிலேயே பார்த்தேன்.

அண்ணிக்கு 47 வயது. நான்கு மாதமாக இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும். முதுகும் தலையணையும் நனைந்திருக்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், மறுபடி கண் மூடாது. மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நன்றாகச் சாப்பிட்டும் ஆறு கிலோ இளைத்ததைச் சர்க்கரையோ என்று பயந்து ஒரு ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தார். சர்க்கரை சரியாக இருந்தது. கூடவே பார்த்த தைராய்டு சோதனையில் டி.எஸ்.எச். 0.01, பக்கத்தில் வழக்கமான அளவு 0.4 முதல் 4.0 வரை, எதிரே ‘குறைவு’ என்று குறி. அண்ணியின் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "உனக்கும் என்னை மாதிரி தைராய்டு கம்மி" என்று ஹார்மோன் குறைவுக்குத் தான் சாப்பிடும் தைராக்ஸின் மாத்திரையைக் கொடுத்தார். எரிகிற அடுப்பில் எண்ணெய்! ஐந்தாம் நாள் அண்ணி மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டைத் தூண்ட அனுப்பும் ஹார்மோன் அது. வண்டிக்காரன் கையில் இருக்கும் தார்க்குச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடு மெதுவாகப் போனால் குச்சி ஓங்கும், தறிகெட்டு ஓடினால் குச்சி இறங்கிவிடும். அதனால் டி.எஸ்.எச். அடியோடு குறைந்திருந்தால் பெரும்பாலும் ஹார்மோன் மிதமிஞ்சி இருக்கிறது என்று அர்த்தம், அதை உறுதிப்படுத்தத்தான் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான ஃப்ரீ டி4, டி3 இரண்டையும் பார்க்கிறார்கள். அண்ணிக்கு மாத்திரைக்கு முன்பு எடுத்து வைத்திருந்த அதே ரத்தத்தில் பார்த்தபோது ஃப்ரீ டி4 3.4, அந்த ஆய்வகத்தில் 1.8க்கு மேல் போகக் கூடாது.

தூக்கம் ஏன் கெடுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஹார்மோன் கூடினால் உடம்பு ராத்திரியிலும் அடுப்பை அணைப்பதில்லை, அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் வியர்வை. இதயம் அட்ரினலினுக்குக் கூடுதலாகத் துள்ளத் தொடங்கிவிடும். மனக்கவலையில் வரும் படபடப்பு தூங்கியதும் பெரும்பாலும் அடங்கும், உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருக்கும். தைராய்டு ஹார்மோன் கூடினால் தூக்கத்திலும் நாடி இறங்காது, உள்ளங்கை சூடாக ஈரமாக இருக்கும். அண்ணன் ஒரு ராத்திரி அண்ணி அசந்து தூங்கும்போது மணிக்கட்டைப் பிடித்து முழு நிமிடம் எண்ணினார், 104. இது நோயைத் தீர்மானிக்கும் சோதனை இல்லை, ரத்தம் கொடுக்கப் போகலாம் என்று சொல்லும் சைகை. இரவு வியர்வை காசநோயிலும் வரும், மாதவிடாய் நிற்கும்போதும் வரும், அதனால்தான் ஊகத்தில் விடக் கூடாது. நாடி தாறுமாறாகத் துடித்தாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தாலோ ரத்தச் சீட்டுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரத்தம் கொடுக்கும் முன் ஒன்று. முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும், குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்தச் சொல்வார்கள். சில ஆய்வு முறைகளில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் டி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டிவிடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். என் வாக்கு ‘தைராய்டு மிகைச்சுரப்பு’, எதிர்ப்பக்கத்துக்குத் ‘தைராய்டு குறைச்சுரப்பு’. எது மிகை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மிகை நமக்குப் புதிதும் இல்லை, நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறலுக்கு அடுத்ததே மிகைபடக் கூறல்தான். இதிலும் ஒரு ஓட்டை உண்டு, மறைக்க மாட்டேன். சுரப்பி அழற்சியில் புதிதாக எதுவும் அதிகம் சுரப்பதில்லை, சேர்த்து வைத்த ஹார்மோன் கசிந்துதான் ரத்தத்தில் கூடுகிறது. அதற்கு மருந்தும் வேறு. அதை ‘தைராய்டு ஹார்மோன் மிகை’ என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். படபடப்பை ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களிடம் இந்த வித்தியாசத்தை எதிர்பார்ப்பது பேராசை.

அண்ணிக்கு வந்திருந்தது கிரேவ்ஸ் நோய், சுரப்பியை உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கும் வகை. சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வந்து ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள். படபடப்புக்குக் கொஞ்ச நாள் ப்ரொப்ரானலால். ஆறு வாரத்தில் ஃப்ரீ டி4 அளவுக்குள் வந்துவிட்டது, தூக்கமும் திரும்பியது. டி.எஸ்.எச். மட்டும் 0.02லேயே நின்றதைப் பார்த்து அண்ணன் மறுபடி பயந்தார். வண்டிக்காரனுக்கு மாடு அடங்கியதை நம்ப மாதக்கணக்கில் ஆகும் என்று நான் சொன்னேன், டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். அக்கா மட்டும் ஃபோனில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "இப்ப தைராய்டு ஏறிடுச்சா?"