இயக்குநர் குழு கையெழுத்துப் போட்டால் கணிப்பு சரியாகிவிடுமா?

தணிக்கைக் காலம் முடிகிற தறுவாயில் குட்வில் மதிப்பிழப்புச் சோதனையின் எக்செல் கோப்பு வந்து சேரும். புத்தக மதிப்பை விட மீட்கத்தக்க மதிப்பு 30 சதவீதம் அதிகம், எனவே மதிப்பிழப்பு இல்லை என்று முடித்திருப்பார்கள். பணப்பாய்வுக் கணிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரே பதில்: "இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த பட்ஜெட்." அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. இந்தப் பதிலை இந்த ஆண்டு மறுபடியும் கேட்டபோது, இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நிறுவனத்தின் நிதிப் பிரிவில் இருப்பவர்களும், அந்தக் கோப்பைச் சரிபார்க்கும் இளம் தணிக்கையாளர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐஏஎஸ் 36 ஒப்புதல் பெற்ற பட்ஜெட்டைப் பயன்படுத்தச் சொல்வது உண்மைதான். ஆனால் அதே பத்தியில், அதற்கு முன்னாலேயே இன்னொரு நிபந்தனை இருக்கிறது. அனுமானங்கள் நியாயமானவையாகவும் ஆதாரத்தோடும் இருக்க வேண்டும், வெளியிலிருந்து கிடைக்கும் ஆதாரத்துக்கு அதிக எடை கொடுக்க வேண்டும். நம்மவர்கள் இரண்டாவது பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒப்புதல் என்பது "இது எங்கள் திட்டம்" என்பதற்கான சான்று. அந்தத் திட்டம் நடக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது. விற்பனைப் பிரிவை ஓட வைப்பதற்காகவே பட்ஜெட் இலக்கைச் சற்று உயர்த்தி வைப்பது பல நிறுவனங்களில் உண்டு. நிர்வாகத்துக்கு அது நல்ல உத்தியாக இருக்கலாம். ஆனால் மதிப்பிழப்புச் சோதனைக்கு நடக்க வாய்ப்புள்ள தொகைதான் தேவை. எட்ட வேண்டும் என்று ஆசைப்படும் தொகையை அங்கே வைக்கக் கூடாது.

அடுத்து ஒன்று சொல்வார்கள்: "எதிர்காலம் யாருக்குத் தெரியும்? தவறு என்று நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்?" நிரூபிக்க வேண்டிய சுமை தணிக்கையாளருடையது அல்ல. ஆதாரம் தர வேண்டியவர் எண்ணை வைத்தவர். எதிர்காலம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் நீங்கள் இதற்கு முன் செய்த கணிப்புகள் எப்படி முடிந்தன என்பது நன்றாகத் தெரியும். முந்தைய கணிப்புக்கும் நடந்ததற்கும் ஏன் வித்தியாசம் வந்தது என்று நிர்வாகமே ஆராய வேண்டும் என்கிறது ஐஏஎஸ் 36. முந்தைய மதிப்பீடுகளின் விளைவைத் திரும்பிப் பார்க்கும்படி தணிக்கையாளரிடம் ஐஎஸ்ஏ 540 சொல்கிறது. பழைய முடிவைக் குற்றம் சொல்வது அதன் நோக்கம் அல்ல. இந்த ஆண்டின் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அறியத்தான் அது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பல கோப்புகளில் பார்த்ததை ஒன்றாகச் சேர்த்து நானே அமைத்த எண்கள் இவை. பணம் ஈட்டும் அலகு ஒன்றின் புத்தக மதிப்பு 1,000. அதில் குட்வில் 300. கடந்த ஆண்டு அந்த அலகு ஈட்டிய பணப்பாய்வு 70. நிர்வாகத்தின் ஐந்தாண்டுக் கணிப்பு 80, 92, 104, 114, 122. அதன் பிறகு என்றென்றைக்கும் 3 சதவீத வளர்ச்சி. தள்ளுபடி விகிதம் 11 சதவீதம். கணக்குப் போட்டால் பயன்பாட்டு மதிப்பு 1,302 வருகிறது. இடைவெளி 302. "குட்வில் அளவுக்கே மிச்சம் இருக்கிறது, இதில் என்ன விவாதம்?" என்பார்கள். அந்த 1,302-இல் ஐந்தாண்டுகளின் பங்கு 370 மட்டுமே. மீதி 932 ஐந்தாம் ஆண்டுக்குப் பிந்தைய இறுதி மதிப்பிலிருந்து வருகிறது. அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ 72 சதவீதம், 122 என்ற ஒற்றை எண்ணைப் பிடித்துத் தொங்குகிறது.

எனவே முதலில் அந்த 122-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கோப்பில் ஐந்தாம் ஆண்டின் தேய்மானம் 40, மூலதனச் செலவு 28. இயந்திரங்கள் தேயும் வேகத்தை விடக் குறைவாகவே செலவு செய்து, அதே நேரத்தில் என்றென்றைக்கும் 3 சதவீதம் வளர்வது நடக்காத காரியம். அந்த ஓராண்டில் செலவு தற்செயலாகக் குறைந்திருக்கலாம். ஆனால் அந்த ஆண்டை முடிவில்லாக் காலத்துக்கு நீட்டும்போது, குறைந்தது தேய்மானத்துக்குச் சமமான செலவையாவது வைக்க வேண்டும். வளர்கிற அலகுக்கு அதுவும் போதாது. 28-ஐ 40 ஆக்கினால் இறுதி மதிப்புக்கான பணப்பாய்வு 110 ஆகிறது, மொத்த மதிப்பு 1,211 ஆகக் குறைகிறது. எக்செல் கூட்டல் சரியா என்று மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது. அந்தக் கூட்டல் சரியாகவே இருந்தது.

அப்புறம் தள்ளுபடி விகிதம். "வங்கி எங்களுக்கு 8 சதவீதத்துக்குக் கடன் கொடுக்கிறது, 11 என்பதே அதிகம்" என்ற வாதம் வேண்டாம். நிறுவனம் எப்படி நிதி திரட்டியிருக்கிறது என்பதைச் சார்ந்திராத விகிதத்தைத்தான் ஐஏஎஸ் 36 கேட்கிறது. இதே அளவு ஆபத்துள்ள பணப்பாய்வுக்குச் சந்தை முதலீட்டாளர் எவ்வளவு கேட்பார் என்பதே கேள்வி. கடன் அதிகம் வைத்திருக்கும் நிறுவனம் தன் சொந்தக் கடன் பங்கை எடையாக வைத்தால் விகிதம் தானாகவே இறங்கிவிடும். ஒத்த தொழிலில் உள்ள நிறுவனங்களின் கடன் பங்கைத்தான் எடுக்க வேண்டும்.

நான் எப்போதும் செய்வது, போன ஆண்டின் விகிதத்தையும் இந்த ஆண்டின் விகிதத்தையும் பகுதி பகுதியாக அருகருகே வைத்துப் பார்ப்பது. இந்தக் கோப்பில் போன ஆண்டு 12, இந்த ஆண்டு 11. ஆபத்தில்லாத வட்டி இறங்கவில்லை, சந்தை ஆபத்துக்கான கூடுதலும் மாறவில்லை. இறங்கியது பீட்டா. காரணத்தைத் தேடிப் போனால், ஒப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலில் பீட்டா அதிகமாக இருந்த இரண்டு நிறுவனங்கள் இந்த ஆண்டு காணவில்லை. "அவை எங்களோடு ஒத்துப்போகவில்லை" என்றார்கள். போன ஆண்டு ஒத்துப்போனவை இந்த ஆண்டு என்ன தொழில் மாற்றின? பதில் இல்லை. அவற்றைத் திரும்பச் சேர்த்தால் விகிதம் 12. மதிப்பு 1,075.

வரிக்கு முந்தைய விகிதமா, பிந்தையதா என்பதில் நீண்ட விவாதம் நடக்கும். விதி முந்தையதைக் கேட்கிறது. நடைமுறையில் பலரும் வரிக்குப் பிந்தைய விகிதத்தை வரிக்குப் பிந்தைய பணப்பாய்வோடு சேர்த்துக் கணக்கிட்டு, பின்னர் முந்தைய விகிதத்தைத் தேடி எடுக்கிறார்கள். இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். இதில் ஒரு வாரம் செலவழித்துவிட்டு 122-ஐக் கேள்வி கேட்காமல் விடுவதுதான் எனக்குக் கவலை.

இப்போது கணிப்பின் வரலாறு. கடந்த மூன்று ஆண்டுகளில் முதல் ஆண்டுக்காகக் கணித்தது 76, 78, 80. உண்மையில் வந்தது 67, 69, 70. ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 12 சதவீதம் குறைவு. உண்மையான வளர்ச்சி ஆண்டுக்கு 1 முதல் 3 சதவீதத்துக்குள். இந்த ஆண்டுக்கும் 80 என்றே வைத்து, அங்கிருந்து 122-க்கு ஏறுகிறார்கள். போன ஆண்டு வரவேண்டிய ஏற்றம் அடுத்த ஆண்டுக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரே திசையில் மூன்று முறை தவறினால் அதைத் தற்செயல் என்று கோப்பில் எழுத முடியாது, சார்பு இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

12 சதவீதத்தை எல்லா ஆண்டுகளிலும் கழித்துப் பார்த்தால் மதிப்பு 946. புத்தக மதிப்பு 1,000. மதிப்பிழப்பு 54. இந்தக் கழிவு தோராயமானது என்பது எனக்கும் தெரியும். சரியான எண் இதுதான் என்று நான் சொல்லவில்லை. 302 இடைவெளி என்பது எவ்வளவு மெல்லிய தரையில் நிற்கிறது என்பதைக் காட்டத்தான் இது. "விகிதத்தையும் ஏற்றுகிறீர்கள், பணப்பாய்வையும் குறைக்கிறீர்கள், ஒரே ஆபத்தை இரண்டு முறை எண்ணுகிறீர்கள்" என்று இங்கே எதிர்ப்பு வரும். நல்ல கேள்வி, சில நேரம் நியாயமான கேள்வியும்கூட. கணிப்பு மிகையாக இருக்கிறது என்பதற்காக விகிதத்தில் கூடுதல் சேர்த்திருந்தால், பணப்பாய்வையும் குறைக்கக் கூடாது. இங்கே அப்படி நடக்கவில்லை. விகிதம் உயர்ந்தது ஒப்பீட்டுப் பட்டியலைச் சரிசெய்ததால். பணப்பாய்வு குறைந்தது கணிப்பின் வரலாற்றால். காரணங்கள் வேறு வேறு என்பதைக் கோப்பில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

நிர்வாகம் கொடுத்த உணர்திறன் ஆய்வில் விகிதத்தை அரை சதவீதம் மட்டும் நகர்த்தியிருந்தார்கள். இடைவெளி பத்திரமாகவே இருந்தது. விகிதத்தை மட்டும் தனியாக ஏற்றினால் 13 சதவீதத்தைத் தாண்டும் வரை எதுவும் நடக்காது. ஆனால் வாழ்க்கையில் அனுமானங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் நின்று தவறுவதில்லை. ஓர் அனுமானம் மாறினால் மற்றவை எப்படி மாறும் என்பதையும் சேர்த்தே பார்க்கும்படி விதி சொல்கிறது. எனவே இடைவெளி பூஜ்யமாகும் புள்ளியைப் பின்னோக்கிக் கண்டுபிடித்துக் கேளுங்கள்: இது நடக்க எவ்வளவு தவற வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு தவறினோம்?

இளம் தணிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். "நிர்வாகத்திடம் விசாரித்தோம், விளக்கம் திருப்திகரம்" என்ற வரியை எழுதாதீர்கள். என்ன கேட்டீர்கள், எந்த ஒப்பந்தத்தை, எந்த ஆர்டரை, எந்தத் துறை அறிக்கையைப் பார்த்தீர்கள், உங்கள் கருத்துக்கு எதிரான ஆதாரம் எது கிடைத்தது என்பதை எழுதுங்கள். மதிப்பீட்டு நிபுணரின் அறிக்கை இருந்தால் அதன் முதல் பக்கங்களைப் படியுங்கள். பணப்பாய்வு நிர்வாகம் தந்தது, நாங்கள் சரிபார்க்கவில்லை என்ற வாசகம் பெரும்பாலும் அங்கே இருக்கும். இன்னும் உறுதியாகாத சீரமைப்பின் சேமிப்பு கணிப்புக்குள் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதை வெளியே எடுக்கச் சொல்லுங்கள், பேரம் பேச வேண்டாம்.

நிதிப் பிரிவினரே, குட்வில் மதிப்பிழப்பைப் பின்னாளில் திருப்ப முடியாது என்பதால் அதைத் தள்ளிப்போடத் தோன்றுவது புரிகிறது. ஆனால் கோப்பைக் கடைசி வாரத்தில் கொடுக்காதீர்கள். சோதனையை ஆண்டில் எந்த நாளிலும் செய்யலாம், ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் செய்தால் போதும். ஆண்டு முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே செய்துவிட்டு, இடையில் புதிய அறிகுறி வந்தால் மட்டும் மறுபடி பாருங்கள். மூன்றாண்டுக் கணிப்பு-நடப்பு ஒப்பீட்டை நாங்கள் கேட்கும் முன்பே நீங்களே இணைத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எண்ணை மாற்ற மறுத்தால் தணிக்கையாளர் தன் நியாயமான எல்லையைக் கணித்து, நிர்வாகத்தின் எண் அதற்கு வெளியே எவ்வளவு நிற்கிறதோ அதைப் பிழையாகப் பதிவு செய்து, ஆளுகைப் பொறுப்பில் இருப்பவர்களிடம் எழுத்தில் கொண்டுபோக வேண்டும். பிழை பெரிதாக இருந்தால் கருத்து மாறும். தணிக்கை அறிக்கையின் முக்கிய விவகாரங்கள் பகுதியில் இரண்டு பத்தி எழுதிவிட்டு அதை அதற்கு மாற்றாகக் காட்ட முடியாது.