பத்துப் பொருளும் ஒரே பையில்: கடைத்திருட்டு மாதிரி விசாரணையில் எதிரி தரப்பு இறுதி வாதம்

சட்டக் கல்லூரி மாதிரி விசாரணைகளில் கடைத்திருட்டு வழக்கு வந்தால், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் பேசும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். "என் கட்சிக்காரர் கடையை விட்டு வெளியே போகவே இல்லை, பிறகு எப்படித் திருட்டு?" என்று இறுதி வாதத்தைத் தொடங்குகிறார்கள். இந்த வாதம் நிற்காது. குற்றங்களையும் தண்டனைகளையும் வகுக்கும் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 303(1)-இன்படி, நேர்மையற்ற முறையில் எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு, பிறர் வசமுள்ள அசையும் பொருளை அவர் சம்மதமின்றி நகர்த்தினாலே திருட்டு முடிந்துவிடுகிறது. வாசலைத் தாண்ட வேண்டும் என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை.

ஆனால் அதே வரையறைக்குள்தான் எதிரி தரப்பின் பலமும் இருக்கிறது. சுயசேவைக் கடையில் பொருளை அலமாரியிலிருந்து எடுக்கக் கடைக்காரரே சம்மதம் தருகிறார். எனவே நகர்த்தியது பற்றிச் சண்டையிட வேண்டியதில்லை. நகர்த்திய நேரத்தில் மனத்தில் என்ன இருந்தது என்பதுதான் வழக்கு. அதை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்புடையது.

பயிற்சிக்காக ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண், இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை, தோளில் துணிப்பை. ஒன்பது பொருளுக்கு 1,260 ரூபாய் கட்டிவிட்டு வாசலுக்கு வருகிறார். காவலாளி நிறுத்திப் பையைப் பார்க்க, பில்லில் இல்லாத 385 ரூபாய் முகப்பூச்சு டப்பா ஒன்று அடியில் கிடக்கிறது. அவர் டப்பாவைப் பையில் போடும் 14 விநாடிக் காட்சியை அரசுத் தரப்பு தாக்கல் செய்திருக்கிறது. பார்த்தவுடன் முடிந்த வழக்கு போலத்தான் தெரியும்.

இதைத் திருப்பும் வேலை குறுக்கு விசாரணையிலேயே நடந்திருக்க வேண்டும். நுழைவாயிலில் அன்று கூடை இல்லை, அந்தப் பெண் எல்லாப் பொருளையும் துணிப்பையில்தான் போட்டார், குழந்தை அழுதுகொண்டிருந்தது. இந்த மூன்றையும் காவலாளி, அதாவது அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சியான அ.சா.2, ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பில் போடும்போது அந்த டப்பாவை எடுக்க மறந்துவிட்டார்' என்ற யோசனையும் சாட்சியிடம் சொல்லப்பட்டிருக்க வேண்டும். சாட்சியிடம் கேட்காத கதையை இறுதி வாதத்தில் முதல்முறையாகச் சொன்னால், அது பின்யோசனை என்று அரசுத் தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும்.

இந்த ஒப்புதல்கள் கையில் இருந்தால், வாதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

"கனம் நீதிபதி அவர்களே, டப்பா பையில் இருந்தது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அரசுத் தரப்பு காட்டும் 14 விநாடிக் காட்சியையும் மறுக்கவில்லை. ஆனால் மற்ற ஒன்பது பொருளும் அதே பையில், அதே விதமாகத்தான் விழுந்தன என்று அ.சா.2 சொல்லியிருக்கிறார். பையில் போட்டதே திருட்டு எண்ணத்துக்கு அடையாளம் என்றால், பணம் கட்டிய ஒன்பதும் திருட்டாக வேண்டும். பத்தாவது பொருளைப் போட்டபோது மட்டும் எண்ணம் மாறியது என்று காட்ட ஒரு சாட்சியமும் இல்லை. வேறுபாடு நடந்தது பில் போடும் இடத்தில். அங்கே ஒரு கேமரா இருப்பதாக மேலாளரே கூறியிருக்கிறார். அந்தக் காட்சி இந்த நீதிமன்றத்துக்கு வரவில்லை."

கடைசி இரண்டு வரிகளை அவசரமாகக் கடக்கக் கூடாது. இருக்கும் சாட்சியத்தை ஒரு தரப்பு கொண்டுவராமல் விட்டால், அது அந்தத் தரப்புக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 119-இன் விளக்க உதாரணம் இதற்கு இடம் தருகிறது. 'ஊகிக்கலாம்' என்பதுதான் சட்டத்தின் சொல். 'ஊகித்தே ஆக வேண்டும்' என்று நீட்டினால் நீதிபதி அங்கேயே நிறுத்திக் கேட்பார்.

மேலாளர் அறையில் எழுதி வாங்கிய "நான்தான் எடுத்தேன்" என்ற கடிதமும் ஆவணங்களில் இருக்கலாம். இங்கே பலர் அதே அதினியத்தின் பிரிவு 23-ஐச் சொல்லிவிடுகிறார்கள். அது போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்துக்கானது. கடைக்காரரிடம் எழுதியதற்குப் பிரிவு 22 வழியாகத்தான் போக வேண்டும். "எழுதினால் விட்டுவிடுகிறோம், இல்லையென்றால் போலீஸ்" என்ற பேச்சு சாட்சியத்தில் வெளிவந்திருந்தால், ஆசையும் மிரட்டலும் காட்டிப் பெற்றது என்று வாதிடலாம். மேலாளர் பிரிவு 22 சொல்லும் 'அதிகாரத்தில் உள்ளவர்' தானா என்ற கேள்விக்கும் விடை தயாராக இருக்க வேண்டும். கடிதத்தின் வாசகத்தையும் கவனியுங்கள். 'எடுத்தேன்' என்பது எடுத்ததை மட்டுமே சொல்கிறது, எண்ணத்தைச் சொல்லவில்லை.

முடிக்கும் இடத்தில் இன்னொரு குழி இருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் தண்டனை, பொருளும் திரும்பிவிட்டது என்றால், நியாய சன்ஹிதா பிரிவு 303(2) சமூக சேவையைத் தண்டனையாக வைத்திருக்கிறது. அதைப் படித்த உற்சாகத்தில் சிலர், "385 ரூபாய்தானே, சமூக சேவையோடு விட்டுவிடுங்கள்" என்று முடிக்கிறார்கள். எண்ணமே இல்லை என்று அதுவரை சொன்னதெல்லாம் அந்த ஒரு வரியில் கரைந்துவிடுகிறது. அது குற்றம் நிரூபணமான பின் தண்டனை குறித்துக் கேட்கும்போது பேச வேண்டியது. இறுதி வாதத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மறதி என்ற விளக்கம் சாட்சியங்களோடு பொருந்துகிறது, அதை அரசுத் தரப்பு அகற்றவில்லை, ஆகவே சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்ய வேண்டும்.