விமானம் தரையிறங்கும்போது அங்கே மணி என்ன?

விமானப் பயணச்சீட்டு பதிவு செய்து தருவது என் வேலை. ஒரு பயணி போனில் அழைத்தார். "சார், டிக்கெட்டில நேரம் தப்பா இருக்கு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தா மதியம் 1 மணிக்கே நியூயார்க் போயிடணும். இதுல 2 மணின்னு போட்டிருக்கு."

அவருடைய பயணம் இதுதான். 2026 மார்ச் 14 இரவு 11.30க்கு சிங்கப்பூரில் கிளம்பி 14 மணி நேரத்தில் லண்டன். அங்கே நாலரை மணி நேரம் காத்திருப்பு. பிறகு 8 மணி நேரத்தில் நியூயார்க். மொத்தம் 26 மணி 30 நிமிடம். இதைச் சிங்கப்பூர் நேரத்தோடு கூட்டினால் மார்ச் 16 அதிகாலை 2 மணி வருகிறது. நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியது என்று அவர் கழித்திருக்கிறார். மார்ச் 15 மதியம் 1 மணி. கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. அந்த 13தான் தப்பு. ஜனவரியில் போய் வந்தபோது மனதில் பதிந்த எண் அது.

அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். 2026இல் அது மார்ச் 8. சிங்கப்பூரில் இந்தப் பழக்கம் கிடையாது. ஆகவே வித்தியாசம் 12 மணி நேரமாகக் குறைந்துவிட்டது. டிக்கெட் சொன்ன 2 மணிதான் சரி. லண்டனோ மார்ச் கடைசி ஞாயிறு வரை, அதாவது 29ஆம் தேதி வரை மாற்றாது. வழக்கமாக லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி நேர வித்தியாசம். இடைப்பட்ட அந்த மூன்று வாரம் மட்டும் 4. இலையுதிர் காலத்திலும் ஒரு வாரம் இப்படி வரும். ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறன்றே பழைய நேரத்துக்குத் திரும்பிவிடும், அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு வரை காத்திருக்கும்.

இதனால்தான் ஊருக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை நினைவில் வைத்துக் கணக்குப் போடுவதை நான் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றிக்கொள்வேன். சிங்கப்பூர் யுடிசிக்கு 8 மணி நேரம் முன்னால், ஆகவே இரவு 11.30 என்பது யுடிசியில் அதே நாள் 15.30. அதோடு 26.30ஐக் கூட்டினால் மார்ச் 15, 18.00. நியூயார்க் அன்றைக்கு யுடிசிக்கு 4 மணி நேரம் பின்னால். கழித்தால் 14.00, மதியம் 2 மணி. நடுவில் லண்டன் நேரம் கணக்குக்குள் வரவே இல்லை, கவனித்தீர்களா? காத்திருப்பு நேரம் எந்த ஊர்க் கடிகாரத்திலும் நாலரை மணிதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக வித்தியாசம் கழித்துவிட்டு, கடைசியில் மொத்தத்துக்கும் ஒருமுறை கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் சில சமயம் கிளம்பும் முன்பே இறங்கியதாக விடை வரும். (டோக்கியோவில் மாலை கிளம்பி, அதே தேதி காலையில் லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவது மட்டும் நிஜம். நடுவில் தேதிக்கோடு இருக்கிறது.)

யுடிசி வித்தியாசத்தைப் பார்க்கும்போது, இறங்கும் ஊரில் இறங்கும் தேதிக்கு என்ன எண் என்று பாருங்கள். பதிவு செய்யும் நாளில் இருக்கும் எண் உதவாது.

டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரமே. அதனால் கிளம்பும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து அப்படியே கழித்துப் பயண நேரம் என்று எண்ணிவிடக் கூடாது. மேலே சொன்ன பயணத்தில் அப்படிக் கழித்தால் பதினாலரை மணி நேரம்தான் வரும். உடம்பு கடப்பது இருபத்தாறரை. இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள்; அழைத்துப்போக வருபவருக்கு நேரத்தோடு தேதியையும் சொல்லிவிடுங்கள்.

தாமதமானால்? சிங்கப்பூரில் 2 மணி நேரம் தாமதம் என்றதும் நியூயார்க்கிலும் 2 மணி நேரத்தைக் கூட்டி, "4 மணிக்கு வா" என்று செய்தி அனுப்பிவிடுகிறார்கள். தேவையில்லை. லண்டன் காத்திருப்பு இரண்டரை மணி நேரமாகச் சுருங்கும், அவ்வளவுதான். இரண்டாவது விமானம் தன் நேரத்துக்கே கிளம்பும். தாமதம் நாலு மணி நேரத்தைத் தொட்டால் கதை வேறு. மாறி ஏற நேரம் போதாது, அடுத்த விமானத்தில்தான் இடம் கிடைக்கும். அப்போது பழைய கணக்கோடு எதையும் கூட்டாதீர்கள். புது விமானம் கிளம்பும் நேரத்தை யுடிசிக்கு மாற்றி அங்கிருந்து தொடங்குங்கள்.

அந்தப் பயணி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ என் மச்சானை 1 மணிக்கு வரச் சொன்னது?" என்றார். மூன்று மணிக்கு வரச் சொல்லுங்கள் என்றேன். இறங்கிய பிறகு குடிநுழைவு வரிசையும் பெட்டிக்கான காத்திருப்பும் இருக்கின்றனவே.